ஓட்ஸா, கார்ன்ஃபிளேக்ஸா, மூஸ்லியா: தராசில் வைத்துப் பார்த்த காலை உணவு

என் அக்கா வீட்டுக்காரர் மூன்று மாதமாகக் காலையில் கார்ன்ஃபிளேக்ஸ்தான் சாப்பிட்டார். இட்லி, தோசையை விட்டாச்சு, ஆனால் எடை மட்டும் இறங்கவில்லை. "இவ்வளவு லேசான சாப்பாட்டுல எப்படி மச்சான் எடை குறையாம இருக்கும்?" என்று என்னிடமே கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல் கிண்ணத்தில் கொட்டியதை அப்படியே சமையலறைத் தராசில் வைத்தேன். 58 கிராம் காட்டியது. பாக்கெட்டில் ஒரு வேளைக்குப் போட்டிருந்த அளவு 30 கிராம்.

மீதிக் கணக்கையும் போட்டோம். 58 கிராம் கார்ன்ஃபிளேக்ஸ் ஏறக்குறைய 220 கலோரி. அதில் ஊற்றிய ஃபுல் கிரீம் பால் 250 மில்லி, அது இன்னொரு 220. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை 40. மொத்தம் 480. நல்ல கெட்டிச் சட்னியோடு நாலு இட்லி சாப்பிட்டாலும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் வந்து நிற்கும். அப்புறம் பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குக் கீழே டீயும் இரண்டு வடையும். அதை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. என்னைக் கேட்டால் வடையை அழைத்து வந்ததே அந்தக் கிண்ணம்தான்.

ஓட்ஸ், கார்ன்ஃபிளேக்ஸ் இரண்டுமே 100 கிராமுக்கு 375 முதல் 390 கலோரிக்குள்தான் இருக்கும். அரிசியும் அவலும் அந்தப் பக்கம்தான். காய்ந்த தானியம் எதுவானாலும் கலோரி பெரிதாக மாறாது. அதனால் "எதில் கலோரி கம்மி?" என்று கேட்பதில் பயனில்லை. அதே கலோரிக்கு எது எவ்வளவு நேரம் வயிற்றில் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை, ஒவ்வொன்றும் 240 கலோரி வருமாறு, கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் பசியைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். வெள்ளை பிரெட்டுக்கு 100 மதிப்பெண் என்று வைத்தால் ஓட்ஸ் கஞ்சிக்கு 209, கார்ன்ஃபிளேக்ஸுக்கு 118. ஓட்ஸோடு உலர்பழமும் கொட்டைகளும் கலந்தது, சத்தானது என்று நாம் நம்பும் மூஸ்லிக்கு 100, அதாவது பிரெட்டுக்குச் சமம். சின்ன ஆய்வுதான், ஆனால் என் வயிறு சொல்வதும் இதையேதான்.

காரணம் ஓட்ஸின் கொழகொழப்பு. பலருக்குப் பிடிக்காத விஷயமும் அதுதான். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து தண்ணீரில் கரைந்து கூழாகிறது. அந்தக் கூழ் இரைப்பையை விட்டு மெதுவாக நகர்கிறது, சர்க்கரையும் மெதுவாக ரத்தத்தில் ஏறுகிறது. கரண்டியைத் தூக்கினால் கஞ்சி நூலாக இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் சரியாக வெந்திருக்கிறது என்று அர்த்தம். 40 கிராமுக்கு 300 மில்லி தண்ணீர் தாராளமாக விடலாம். கலோரி ஏறாமல் கிண்ணம் நிறையும்.

கார்ன்ஃபிளேக்ஸில் நடப்பது நேர் எதிர். மக்காச்சோளத்தின் உமியையும் முளையையும் நீக்கி, வேகவைத்து, உருளையில் நசுக்கி, வாட்டி எடுக்கிறார்கள். பாதி செரித்த மாதிரிதான் அது வாய்க்கே வருகிறது. 100 கிராமில் நார்ச்சத்து மூன்று கிராம்கூடத் தேறாது, ஓட்ஸில் பத்து. நம் ஊரில் அதில் சூடான பாலை வேறு ஊற்றுகிறோம். 1994-இல் கெல்லாக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது தடுமாறிய இடங்களில் இதுவும் ஒன்று. குளிர்ந்த பாலில் மொறுமொறுப்பாக இருக்கவேண்டியது சுடுபாலில் ஊறிக் குழைந்துவிட்டது. குழைந்ததை மெல்ல வேண்டியதில்லை, குடித்தே விடலாம். இரண்டு நிமிடத்தில் 480 கலோரி உள்ளே போவது அப்படித்தான்.

ஓட்ஸ் என்று எழுதியிருந்தாலே போதும் என்றும் இல்லை. ரோல்டு ஓட்ஸ் தடியான அவல் மாதிரி முழு வட்டமாக இருக்கும், வேக ஐந்து நிமிடமாவது ஆகும். இன்ஸ்டன்ட் ஓட்ஸை மெல்லியதாக நசுக்கி நொறுக்கியிருப்பார்கள், வெந்நீர் பட்டதும் கரைந்துவிடும். கலோரி ஒன்றுதான், ஆனால் இது ரத்தச் சர்க்கரையைக் கார்ன்ஃபிளேக்ஸ் அளவுக்கே ஏற்றக்கூடியது. ஓட்ஸைப் பொடித்துத் தோசை சுடுபவர்களுக்கும் இதே கதைதான். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டில் கலோரி அதிகமில்லை, உப்புதான் அதிகம். உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். மறுநாள் எடை அரை கிலோ கூடியிருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது என்று பதற வேண்டாம்.

பாக்கெட் சீரியல்களில் சாக்லேட் உருண்டை வகைகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 100 கிராமுக்கு 25, 30 கிராம் சர்க்கரை அவற்றில் சாதாரணம், அதைப் பிஸ்கட் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றுவது கிரனோலாதான். பாக்கெட்டில் பாதாம் படம், உள்ளே ஓட்ஸ், ஆனால் எண்ணெயும் தேனும் சேர்த்து வறுத்தது. 100 கிராமுக்கு 450 கலோரியைத் தாண்டும், கனமும் அதிகம். ஒரு கப் கார்ன்ஃபிளேக்ஸ் 30 கிராம் இருந்தால் அதே கப் கிரனோலா 100 கிராமைத் தாண்டிவிடும். மூஸ்லி வறுக்காதது, அதனால் பரவாயில்லை. திராட்சை எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

வாங்கும்போது முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துக்குப் போங்கள். சேர்பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுதியிருப்பார்கள். சர்க்கரை நாலாவது இடத்தில் இருக்கிறதே என்று நிம்மதி அடைவதற்குள் கீழே மால்ட் சாறு, தேன், இன்வர்ட் சிரப் என்று தனித்தனியாக வரும். எல்லாம் ஒரே குடும்பம்தான், பிரித்து எழுதியதால் வரிசையில் கீழே போயிருக்கிறது. அதனால் 100 கிராமுக்கான சர்க்கரை அளவைப் பாருங்கள். 5 கிராமுக்குள் இருந்தால் எடுக்கலாம், 22-ஐத் தாண்டினால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஓட்ஸ் கஞ்சியிலும் ஒரு குறை உண்டு: புரதம். 40 கிராம் ஓட்ஸில் 5 கிராம், 150 மில்லி டோன்டு பாலில் இன்னொரு 5, அவ்வளவுதான். மதியம் வரை தாங்க இது போதாது. அக்கா வீட்டுக்காரருக்கு இதோடு இரண்டு வேகவைத்த முட்டை சேர்த்தோம். கஞ்சியும் பாலும் 245 கலோரி, முட்டை 145, மொத்தம் 390, புரதம் 22 கிராம். பழைய கிண்ணத்தைவிட 90 கலோரி குறைவு, புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முட்டை சாப்பிடாத நாளில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல்.

சர்க்கரை இல்லாத கஞ்சி முதல் வாரம் அவருக்கு இறங்கவே இல்லை. அக்காதான் வழி கண்டுபிடித்தாள்: பாலை விட்டுவிட்டு மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, கூழ் மாதிரி. இப்போது பதினொரு மணிக்கு டீ மட்டும் குடிக்கிறார். வடைக்கடைக்காரர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாராம்.