3,500 ரூபாய்க்கு ஒரு பச்சைப் படம்: மார்பக வெப்பப்பட முகாம்களை நம்பாதீர்கள்

அக்காவின் திசுப் பரிசோதனை முடிவு நேற்று மாலை கைக்கு வந்தது; புற்றுநோய் என்று எழுதியிருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்பு, திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, "ஒன்றுமில்லை" என்று அனுப்பியவர்களைப் பற்றி எழுதாமல் என்னால் தூங்க முடியவில்லை.

குளிக்கும்போது இடது மார்பில் பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்படுகிறது என்று அக்கா அங்கேயே சொன்னார். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே என்றால் தட்டுகளுக்கு இடையே வைத்து அழுத்துவார்கள், கதிர்வீச்சு வேறு என்று பயந்திருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க தொடக்கூட மாட்டோம்க்கா, மேமோகிராம்ல தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே இதுல தெரிஞ்சிரும்" என்றார் அங்கிருந்த பெண். அந்தக் கையைத்தான் நாங்கள் நம்பினோம். ஏசி அறையில் கால் மணி நேரம் உட்காரவைத்து, கைகளைத் தூக்கச் சொல்லி, அகச்சிவப்புக் கேமராவில் படம் எடுத்தார்கள். திரையில் பச்சையும் நீலமுமாகத் தெரிந்தது. "சிவப்பே இல்லக்கா" என்றார். அக்கா அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார். கட்டியைப் பற்றிய பேச்சையும் அத்தோடு விட்டுவிட்டார்.

கட்டி பெரிதான பிறகு எடுத்த மேமோகிராமில் ஒழுங்கற்ற விளிம்புள்ள கட்டியும், அதைச் சுற்றி உப்புத் தூவியதுபோல் நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளும் தெரிந்தன. மருத்துவர் அந்தப் புள்ளிகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். வெப்பக் கேமரா தோலின் சூட்டை மட்டுமே அளக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. புற்றுக்கட்டிக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் சூடு கூடலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆழத்தில் இருக்கும் கட்டியின் சூடு கொழுப்பைத் தாண்டித் தோலுக்கு வராமலே போகலாம், சில கட்டிகள் சூட்டைக் காட்டுவதே இல்லை, சீழ்க்கட்டியோ சிவப்பாகத் தெரியும். சுண்ணாம்புப் புள்ளிக்குச் சூடு ஏது? அதை எக்ஸ்ரேதான் காட்டும். மேமோகிராமும் தவறவிடுவது உண்டு, குறிப்பாக அடர்த்தியான மார்பகத்தில். அப்போது ஸ்கேன் சேர்த்து எடுக்கிறார்கள், சந்தேகம் இருந்தால் ஊசியால் திசு எடுத்துப் பார்க்கிறார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் வெப்பப்படத்தை மேமோகிராமோடு கூடுதலாக மட்டுமே அனுமதித்திருக்கிறது. அதற்குப் பதிலாக அல்ல என்று 2019லும் எச்சரித்தது.

முகாம் நடத்தியவர்களுக்குப் போன் செய்தேன். முதல் நாள் "மேனேஜர் வெளியூர்". மறுநாள் "அது நோய் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்ல மேடம், ரிப்போர்ட்ல கடைசி வரியப் பாருங்க". பார்த்தேன். எறும்பளவு எழுத்தில் "துணைப் பரிசோதனை மட்டுமே" என்று இருந்தது. 3,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டதும் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். 3,500 ரூபாய் போகட்டும், அந்த ஐந்து மாதத்தை யார் தருவார்கள்?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. கட்டி கையில் தட்டுப்பட்டால் எந்த வண்ணப் படத்தையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். "மேமோகிராம் வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே இப்படிப் பச்சைப் படம் வாங்கி வைத்திருப்பவர்கள் அதைக் கணக்கில் கொள்ளாமல் மறுபடி பரிசோதித்துக்கொள்ளுங்கள். அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், கிளம்புகிறேன்.