தொலைந்த டேப்லெட்டுக்கு எவ்வளவு கேட்பது: பெற்றோர் கடிதத்தின் இரண்டு வரைவுகள்

ஏற்காட்டில் நான் பணிபுரியும் பள்ளி, மாணவர்களுக்கு டேப்லெட்டையும் பாடநூல்களையும் இரவலாகத் தருகிறது. அவை தொலைந்தால் வசூலிக்கும் தொகை குறித்துப் பெற்றோருக்கு எழுதும் கடிதத்துக்கு இரண்டு வரைவுகள் வந்துள்ளன.

முதல் வரைவு ஒரே வரிதான்: “எக்காரணத்தால் தொலைந்தாலும் சேதமடைந்தாலும் முழு விலை வசூலிக்கப்படும்.” அலுவலகத்துக்கு இது எளிது. ஆனால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152ஆம் பிரிவுகள், சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே சூழலில் தன் பொருளைக் காக்கும் அளவு கவனத்தோடு இரவல் பொருளை வைத்திருந்தவர், தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாதபோது, இழப்புக்குப் பொறுப்பாகமாட்டார் என்கின்றன. “எக்காரணத்தாலும்” என்ற ஒரு சொல்லில் பெற்றோரிடம் கையொப்பம் வாங்குவது, அந்தப் பாதுகாப்பை அவர்கள் அறியாமலே விட்டுக்கொடுக்கச் செய்வதாகும்.

இரண்டாம் வரைவு, தொலைந்த பொருளுக்கு அதன் எஞ்சிய மதிப்பையும், உடைந்ததற்குப் பழுதுச் செலவு, எஞ்சிய மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததையும் மட்டுமே கேட்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: 12,000 ரூபாய்க்கு வாங்கி, 48 மாதம் பயன்படும் என்று பள்ளி கணக்கிட்ட டேப்லெட் 30ஆம் மாத முடிவில் தொலைகிறது. மீதம் 18 மாதம். 12,000-ஐ 48-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால் 4,500 ரூபாய். முதல் வரைவின்படி அதே குடும்பம் 12,000 ரூபாய் கட்ட வேண்டும். எப்படியும் 18 மாதத்தில் பள்ளி வாங்கவிருந்த புதுக் கருவியின் செலவில் பெரும்பகுதி, தோட்டக் கூலியில் வாழும் வீட்டின் தலையில் விழுகிறது.

இரண்டாம் வரைவிலும் ஒரு குறை உண்டு. எது தேய்மானம், எது சேதம் என்று அது சொல்லவில்லை. தகராறு அங்கேதான் வரும். கீழே விழுந்த திரையில் விரிசல்கள் பெரும்பாலும் அடிபட்ட ஒரு புள்ளியிலிருந்து பிரிந்து ஓடும். பேட்டரி உப்பினால் அடிபட்ட தடம் இல்லாமலே திரை விளிம்பை விட்டு மேலெழும்பும். அதற்கு மாணவர் பொறுப்பல்லர். சார்ஜ் துளை தளர்வதும் அப்படியே. கொடுக்கும் நாளில் வரிசை எண்ணையும் ஏற்கெனவே இருந்த கீறல்களையும் குறித்து இரு தரப்பும் கையொப்பமிட்ட தாள் இல்லையென்றால், பள்ளி எதையும் கேட்காமலிருப்பதே நியாயம்.

பாடநூலுக்கு இத்தனை கணக்கு வேண்டாம். அச்சிட்ட விலையே உச்சவரம்பு, பல கை மாறிய நூலுக்கு அதில் பாதி என்றால் போதும்.

ஆகவே இரண்டாம் வரைவையே, கீழ்க்காணும் பத்தியைச் சேர்த்து, ஏற்கலாம் என்பது என் கருத்து:

“தொகை கணக்கிட்ட விதத்தைத் தங்களுக்கு எழுத்தில் தருவோம். ஏற்கவில்லையெனில் பதினைந்து நாளுக்குள் கருவியை நேரில் பார்த்துத் தங்கள் தரப்பைக் கூறலாம். மூன்று தவணைகளில் செலுத்தலாம். இத்தொகைக்காகத் தேர்வு அனுமதிச் சீட்டையோ மாற்றுச் சான்றிதழையோ நிறுத்தி வைக்கமாட்டோம்.”