பிட்காயின்ல பணம் வாங்குற கடை: உடனே யூரோவா மாத்தணுமா, காயினாவே வச்சுக்கணுமா?

ஜெர்மனில ஒரு ஆன்லைன் கடை, பில் 100 யூரோ, பிட்காயின் ரேட் 50,000 யூரோன்னு வச்சுப்போம். கஸ்டமருக்கு 0.002 பிட்காயின்னு காட்டும்.

பிட்பே மாதிரி, காயினை வாங்கி கடைக்கு யூரோவா மாத்தித் தர்ற ப்ராசஸர் வழியா போனா அந்த ரேட்டை 15 நிமிஷம் லாக் பண்ணிடுவாங்க, அதுக்குள்ள பணம் வந்துட்டா அப்புறம் விலை சரிஞ்சாலும் கடைக்காரருக்கு கவலையில்ல, ஏன்னா அந்த ரிஸ்க் ப்ராசஸரோடது. ஃபீஸ் 1% எடுத்தா 99 யூரோ கைக்கு வரும். ஆனா உடனேன்னா ரேட் மட்டும்தான் உடனே, பேங்க் அக்கவுண்ட்ல பணம் ஏற ஒண்ணு ரெண்டு வேலை நாள் ஆகும்.

சொந்த வாலட்லயே வாங்கினா அந்த ஃபீஸ் இல்ல. ஆனா ரேட் 5% விழுந்தா 95 யூரோதான், ஏறினா 105. சரக்கு வாங்குற கடனை யூரோல கட்டுற கடைக்கு இது சரிப்படாதுங்க, மாத்திடறதுதான் நல்லது.

மாத்துற வழிலயும் ஒரு இடத்துல மாட்டும்: சில எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து அனுப்புற கஸ்டமர்களுக்கு நெட்வொர்க் ஃபீஸ் அந்த தொகைலயே கழிஞ்சு, உதாரணமா 0.00197தான் வந்து சேரும், இன்வாய்ஸ் 'குறைவா வந்திருக்கு'ன்னு நிக்கும். அத பாக்காம சரக்கை அனுப்பிடாதீங்க.