குழந்தைக்கு ஞானஸ்நானம் இப்போதா, வளர்ந்த பிறகா?

பிள்ளை பிறந்ததும் பெற்றோர் தேதியைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். யோசிக்க வேண்டியது வரிசையை. ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் தொடக்கத் திருச்சபையில் ஒன்றையடுத்து ஒன்றாக ஒரே வழிபாட்டில் நடந்தன. தண்ணீரில் கிறிஸ்துவோடு இறந்து எழுவது, தூய ஆவியின் முத்திரை பெறுவது, பிறகு அவருடைய பந்தியில் அமர்வது.

இவை பிரிந்ததற்கு இறையியலைவிட நிர்வாகமே முதல் காரணம். மேற்குத் திருச்சபையில் உறுதிப்பூசுதல் ஆயரின் பொறுப்பாகவே இருந்தது. மறைமாவட்டங்கள் பெருத்தபோது ஆயர் வரும்வரை பிள்ளைகள் காத்திருந்தார்கள், அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கிழக்கில் ஆயர் அர்ச்சித்த தைலத்தைக் கொண்டு குருவே பூசினார். ஆகவே ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இன்றும் கைக்குழந்தை மூன்று முறை தண்ணீரில் மூழ்கி எழுந்த உடனே நெற்றி, கண், காது, கை, கால் என்று தைலம் பெறுகிறது; சிறு கரண்டியில் நற்கருணையும் பெறுகிறது. ‘ஒன்றும் புரியாத குழந்தைக்கா?’ என்று கேட்டால், புரிந்த பிறகா தாய்ப்பால் கொடுக்கிறோம் என்று திருப்பிக் கேட்பார்கள். எனக்கு இது வலுவான பதிலாகவே படுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை பிறந்த சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறது. நற்கருணையைப் பகுத்தறியும் வயதுவரை, அதாவது ஏறத்தாழ 7 வயதுவரை, தள்ளிவைக்கிறது. அதுவும் 1910இல் பத்தாம் பயஸ் திருத்தந்தை வலியுறுத்திய வயது. அதற்கு முன் பல இடங்களில் பிள்ளைகள் 10, 12 வயதுவரை காத்திருந்தார்கள். நற்கருணை முன்னே வந்துவிட்டதால் உறுதிப்பூசுதல் பல நாடுகளில் பதின்பருவத்துக்குப் போய், மறைக்கல்வி முடித்ததற்கான பட்டமளிப்பு விழா போல் ஆகிவிட்டது. உண்மையில் அது ஞானஸ்நானத்தை நிறைவு செய்யும் அருளடையாளம். அன்றோடு கோயில் பக்கம் வராமல் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பங்குக் குருக்கள் புலம்புவதில் வியப்பில்லை. ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைகளில் அதே சடங்கு திடப்படுத்தல் என்ற பெயரில், பிள்ளை தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடும் நாளாக இருக்கிறது. முன்பு அதன் பிறகே திருவிருந்து. இப்போது பல சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற சிறுவர்களும் பந்திக்கு வருகிறார்கள்.

பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் வரிசையையே மாற்றுகின்றன. முதலில் விசுவாசம், பிறகு முழுக்கு. குழந்தையைச் சபையின் முன் பிரதிஷ்டை செய்து ஜெபிப்பார்கள். அது ஞானஸ்நானம் ஆகாது. திருவிருந்தும் விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகே.

தாய் கத்தோலிக்கர், தந்தை பெந்தெகொஸ்தே என்று வைத்துக்கொள்வோம். ‘இப்போதைக்குக் கொடுத்துவைப்போம், பெரியவனானதும் அவனே முடிவெடுக்கட்டும்’ என்ற சமரசம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சிக்கல் இதில்தான். ஞானஸ்நானம் ஒரே முறைதான் என்பதில் கத்தோலிக்கர் உறுதியாக இருக்கிறார்கள். பையன் 16 வயதில் அப்பாவின் சபையில் மூழ்க விரும்பினால், அச்சபைக்கு அது முதல் ஞானஸ்நானம். அம்மாவின் சபைக்கோ பொருளற்ற இரண்டாவது. மாறாகப் பிரதிஷ்டை மட்டும் செய்தால் கத்தோலிக்கக் கதவு மூடிவிடாது. 7 வயதைக் கடந்து ஞானஸ்நானம் கேட்கும் பிள்ளையைத் திருச்சபைச் சட்டம் பெரியவருக்கான முறையில் தயாரிக்கச் சொல்கிறது. தக்க பெரிய காரணம் இல்லாவிட்டால் மூன்று அருளடையாளங்களும் ஒரே வழிபாட்டில் கிடைக்கும், பழைய வரிசையிலேயே.

அதற்காகத் தள்ளிப்போடுவதே மேல் என்று சொல்ல வரவில்லை. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் சபைகள், கடவுளின் அருள் நம் சம்மதத்துக்கு முந்தியது என்பதைச் செயலில் காட்டுகின்றன. ஆனால் அந்தத் தேர்வு பெற்றோரைக் கட்டிப்போடுகிறது. பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லையென்றால் குரு ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்கலாம், வைக்கவும் வேண்டும் என்பதே சட்டம். வீட்டில் யாரும் ஜெபிக்கப்போவதில்லை, பாட்டி கேட்கிறார் என்பதற்காக மட்டும் என்றால், குருவிடம் அதை மறைக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து வந்தால் நிலைமை வேறு: அப்போது திருச்சபையின் நோக்கத்தோடு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி, ‘தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்’ என்று சொல்லலாம். சொற்களை மாற்றக் கூடாது. ‘நாங்கள் கொடுக்கிறோம்’ என்று சொன்னால் செல்லாது என்று 2020இல் வத்திக்கான் தெளிவுபடுத்தியது.

ஞானப்பெற்றோர் தேர்வில் வசதியான மாமாவைத் தேடுவது வழக்கம். கத்தோலிக்கச் சட்டப்படி அவர் பொதுவாக 16 வயது நிறைந்தவராக, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்று விசுவாச வாழ்வு நடத்துபவராக இருக்க வேண்டும். பெற்றோரே அந்த இடத்தில் நிற்க முடியாது. ஒருவர் போதும். ஞானஸ்நானச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்: உறுதிப்பூசுதலுக்கும் திருமணத்துக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.