ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் போதும் என்று சொன்னவரை நம்பி ரூ.41,300 போச்சு

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இதே மாதிரி ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. திருப்பூரில் ஒரு மெயின் ரோட்டு மேல் இருக்கும், எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் பெரிய ஒர்க்‌ஷாப், அவ்வளவுதான் சொல்வேன்.

என்னுடையது பழைய பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2023 நவம்பரில் அந்தக் கடையில் சர்வீஸுக்கு விட்டபோது கூலண்ட் மாற்ற வேண்டும் என்றார்கள். சரி என்றேன். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பச்சை கூலண்ட் ஒரு லிட்டர் டப்பாவை ஊற்றிவிட்டு, வண்டி கழுவும் ஹோஸ் பைப்பைத் திருப்பி மீதியை நிரப்பினார்கள். அந்த இடத்தில்தான் கேட்டேன்: "அண்ணா, இதுக்கு டிஸ்டில்டு வாட்டர்தானே ஊத்தணும்?"

கடைக்காரர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "அதெல்லாம் பேட்டரிக்குத்தானுங்க தம்பி. ரேடியேட்டர்ல தண்ணி சும்மா சுத்திட்டு இருக்கப்போவுது. முப்பது வருசமா இதத்தான் ஊத்துறோம். குறைஞ்சா நீங்களும் வீட்டுத் தண்ணியே ஊத்திக்குங்க, காசை வீணாக்காதீங்க." காசை மிச்சம் பிடித்துத் தருகிற ஆள் நல்லவராகத்தான் இருப்பார் என்று நம்பினேன்.

இரண்டு மாதத்தில் ரிசர்வ் பாட்டிலில் அளவு குறைய ஆரம்பித்தது. காட்டினேன். "வெயில்ங்க, ஆவியாகும், ஊத்திக்குங்க" என்றார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அரை லிட்டர் போர் தண்ணீர் ஊற்றினேன். அடுத்த இரண்டு சர்வீஸிலும் மறுபடி சொன்னேன், மறுபடி அதே பதில். மூடி போட்டிருக்கிற ஒரு சிஸ்டத்தில் தண்ணீர் ஏன் குறைகிறது என்று அந்தக் கடையில் ஒருவர் கூடப் பார்க்கவில்லை. சர்வீஸ் பில்லில் மட்டும் 'கூலண்ட் டாப் அப்' என்று ஒவ்வொரு தடவையும் காசு ஏறியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பண்ணாரியில் கும்பிட்டுவிட்டுத் திம்பம் மலை ஏறினோம். அம்மா, மனைவி, பையன் எல்லாரும் வண்டியில். அந்தப் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. பதினோராவது வளைவில் டெம்பரேச்சர் முள் மேலே போகத் தொடங்கியது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், பின்னால் லாரி வரிசை, நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. இரண்டு வளைவு தாண்டித்தான் ஓரம் கட்ட இடம் கிடைத்தது. அதற்குள் பானட்டுக்குள்ளிருந்து ஆவி. அந்த இரண்டு வளைவுதான், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட்டைத் தின்றுவிட்டது என்று பிறகு தெரிந்தது. டோ வண்டி பிடித்துத் திருப்பூர் வர ரூ.5,500.

திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போன் போட்டேன். ஓனர் வெளியே போயிருக்கிறார். மறுநாளும் வெளியே. மூன்றாவது நாள் நேரில் போய் நின்றேன். "மலையில செகண்ட் கியர்ல ஏத்தினீங்களா?" என்றார். பிறகு, "வண்டி பழசுங்க தம்பி." தண்ணீரைப் பற்றிக் கேட்டதும், "வீட்ல நீங்க ஊத்துன தண்ணிக்கு நான் எப்படிப் பொறுப்பு?" வீட்டுத் தண்ணீரை ஊற்றச் சொன்ன அதே வாய்!

வேறு ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். சின்னக் கடை, வயதானவர். ரேடியேட்டரைக் கழற்றி, எப்படியும் எறியப்போகிற சாமான்தானே என்று ரம்பத்தால் நடுவில் அறுத்துக் காட்டினார். அதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் குழல்கள் எல்லாம் தட்டையாக இருக்கும், உள்ளே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. அறுத்த வாயில் பாதிக் குழல்கள் வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் சாக்பீஸ் மாதிரி உதிர்ந்தது. கடைச் சாமி படத்துக்கு முன்னால் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அதன் மேல் நாலு சொட்டுப் பிழிந்தார். பொசபொசவென்று நுரைத்தது. "சுண்ணாம்புங்க சார். உங்க வீட்டு கீசர் காயில்ல இருக்கிறதேதான் இதுவும்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. அதில் ஒரு பகுதி பைகார்பனேட்டாக இருக்கும். சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய்விடும், மிச்சம் கரையாத சுண்ணாம்பாகிப் படியும். எங்கே அதிகச் சூடோ அங்கேதான் முதலில் படியும். எஞ்சினில் அது சிலிண்டர் ஹெட்டுக்குள், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள தண்ணீர் வழி. மெல்லிய படலம்தான், ஆனால் உலோகத்தோடு ஒப்பிட்டால் அது சூட்டை மிகவும் மெதுவாகத்தான் கடத்தும். உள்ளே ஹெட் காய்ந்துகொண்டிருக்கும்போது முள் ஒழுங்காக நடுவில் நிற்கும். சமதளத்தில் ஓட்டும் வரை ஒன்றுமே தெரியாது. மலை ஏறும் அன்றைக்குத்தான் தெரியும்.

இங்கே ஒரு கணக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஒரு தடவை ஊத்தினா என்ன ஆயிடும்" என்பவர்களுக்குப் பதில் அதில் இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரைப் போன வருடம் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது கடினத்தன்மை லிட்டருக்கு 680 மில்லிகிராம். என் வண்டியில் நாலரை லிட்டர் பிடிக்கும். முழுக்கப் போர் தண்ணீராகவே ஒரு தடவை நிரப்பினாலும் சுண்ணாம்பு மூன்று கிராம்தான். அது ரேடியேட்டரை அடைக்காது, உண்மை. ஆனால் நான் 18 மாதமாகப் பதினைந்து நாளைக்கு அரை லிட்டர் ஊற்றியிருக்கிறேன். மொத்தம் 18 லிட்டர். ஆவியாகப் போனது வெறும் தண்ணீர். உப்பு ஆவியாகாது, பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிட்டது. ஊற்றிய மொத்தக் கணக்கு 12 கிராமுக்கு மேல் வருகிறது. அதில் பாதி படிந்தாலும், இரண்டு மில்லிமீட்டர் குழலுக்கு அது தாராளம்.

ஏன் ஆவியாகப் போனது? அதற்கும் அந்த வயதானவர்தான் விடை சொன்னார். ரேடியேட்டர் மூடியை ஒரு பம்ப் டெஸ்டரில் மாட்டி அழுத்தினார். மூடியில் 1.1 என்று அச்சடித்திருக்கிறது, 1.1 பார் அழுத்தம் வரை அது பிடித்து நிறுத்த வேண்டும். என் மூடி 0.4க்கே விட்டுவிட்டது. அந்த அழுத்தம் குறையாமல் இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. 0.4ல் 110 பக்கத்திலேயே கொதித்து ஆவியாகும். புது மூடி ரூ.350. இதை 2024 ஜனவரியில் மாற்றியிருந்தால் நான் தண்ணீரே ஊற்றியிருக்க மாட்டேன். ரூ.350 மூடியைப் பார்க்காமல் ரூ.41,300க்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

இன்னொன்று கூலண்ட். நாலரை லிட்டரில் ஒரு லிட்டர்தான் கூலண்ட் ஊற்றியிருக்கிறார்கள், பாதிக்குப் பாதி இருக்க வேண்டியது. துருவைத் தடுக்கிற மருந்து அந்தக் கூலண்டில்தான் இருக்கிறது. மூடி வழியாகவும் வாட்டர் பம்ப் சீல் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, நான் ஊற்ற ஊற்ற அது இன்னும் நீர்த்துப்போனது. பச்சை நிறம் வெளிறி, கடைசியில் டீத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. வாட்டர் பம்ப் சீலைத் துருவும் சுண்ணாம்புத் துகளும் சேர்ந்து அரைத்திருக்கின்றன. சூடு ஏறினால் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் பாதி திறந்த நிலையில் இறுகிக் கிடந்தது.

அதற்காக டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். அதில் சுண்ணாம்பு வராது, சரி. ஆனால் துருத் தடுப்பும் கிடையாது. பெட்ரோல் பங்கில் பேட்டரி வாட்டர் என்று விற்கிற அந்த ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேனைக் கூலண்ட் கான்சன்ட்ரேட்டோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் சரிவராது. காய்ச்சினால் படிகிற சுண்ணாம்பு படியும், குளோரைடு அப்படியே இருக்கும், அலுமினிய ரேடியேட்டரைப் பொட்டுப் பொட்டாக அரிக்கிறது அதுதான். ஆர்ஓ தண்ணீர் போர் தண்ணீருக்குப் பரவாயில்லை, ஆனால் டிஸ்டில்டு ஆகாது.

ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹெட் இறக்கி லேத்தில் லெவல் பிடித்தது, கேஸ்கெட், ஹோஸ், கூலி, டோ எல்லாம் சேர்த்து ரூ.41,300. பையனுடைய ஸ்கூல் பீஸுக்கு வைத்திருந்த பணம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ரிசர்வ் பாட்டிலில் அளவு திரும்பத் திரும்பக் குறைந்தால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, மூடியையும் கசிவையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து அடிப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், வெள்ளையாகவோ செம்மண் மாதிரியோ ஒட்டினால் உடனே ஃப்ளஷ் பண்ண வேண்டும். ஹோஸ் மாட்டியிருக்கும் இடத்தில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் அங்கே கசிகிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், சூடேறிய எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரும் ஊற்றாதீர்கள். வழியில் நின்றுபோய் வேறு வழியே இல்லை என்றால், ஆறவைத்து எந்தத் தண்ணீரையாவது ஊற்றி வீடு வந்து சேருங்கள், அப்புறம் மொத்தத்தையும் வடித்துவிட்டு மறுபடி கலந்து ஊற்றுங்கள். முடிந்தால் கலந்தே வரும் ரெடி மிக்ஸ் கூலண்ட் ஒரு லிட்டர் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூலண்ட் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஹோஸ் பைப்பைத் திருப்பினால் நிறுத்தச் சொல்லுங்கள். "முப்பது வருசமா" என்று ஆரம்பித்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அறுத்த ரேடியேட்டரில் ஒரு பாதியை வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் பில்லோடு அதையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போகிறேன்.