60 பேர் போனார்கள், ஆனால் எத்தனை சதவீதம்? அட்ரிஷன் கணக்கின் மூன்று வழிகள்

அட்ரிஷன் விகிதம் என்றால் வேலையை விட்டுப் போனவர்களை மொத்தப் பணியாளர்களால் வகுத்து நூறால் பெருக்குவது. இதில் யாருக்கும் சண்டை இல்லை. ‘மொத்தப் பணியாளர்கள்’ என்று எந்த நாளின் எண்ணிக்கையைப் போடுவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். எச்ஆர் அறிக்கைகளில் புழங்கும் மூன்று பதில்களை ஒரே நிறுவனத்தின் மேல் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை.

ஜனவரி 1 அன்று 200 பேர். செப்டம்பர் வரை போனவர்கள் இடத்தை உடனுக்குடன் நிரப்பியதால் எண்ணிக்கை 200-லேயே நின்றது. அக்டோபரில் புதிய வேலை ஒன்று கிடைத்து ஒரே மூச்சில் 200 பேரைச் சேர்த்தார்கள். அதன் பிறகும் போனவர்கள் இடத்தை நிரப்பியதால் டிசம்பர் 31 அன்று 400 பேர். வருடம் முழுவதும் வெளியேறியவர்கள் 60 பேர்.

| வகுக்கும் எண் | கணக்கு | விகிதம் |
|---|---|---|
| தொடக்க எண்ணிக்கை | 60 ÷ 200 | 30% |
| தொடக்கமும் முடிவும் கூட்டிப் பாதி | 60 ÷ 300 | 20% |
| மாதவாரி சராசரி | 60 ÷ 246 | 24.4% |

அதே 60 பேர்தான். ஆனால் 30% என்று சொன்னால் நிர்வாகக் கூட்டத்தில் புருவம் உயரும், 20% என்றால் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள்.

தொடக்க எண்ணிக்கையால் வகுப்பது எளிது, ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. போன 60 பேரில் வருட நடுவில் சேர்ந்து அதே வருடத்தில் போனவர்களும் இருப்பார்கள். அவர்கள் ஜனவரி 1 பட்டியலிலேயே இல்லை. மேலே எண்ணுகிறோம், கீழே எண்ணவில்லை. வருடம் முழுவதும் ஆள் எடுக்கும் இடங்களில் இந்த முறையில் விகிதம் 100%-ஐயும் தாண்டலாம். அதைப் பார்த்து ‘எல்லாரும் போய்விட்டார்களா?’ என்று யாராவது கேட்டால் எச்ஆரிடம் பதில் இருக்காது.

தொடக்கத்தையும் முடிவையும் கூட்டிப் பாதியாக்குவதுதான் பரவலான வழக்கம். எண்ணிக்கை சீராக ஏறினாலோ இறங்கினாலோ இது போதும். நம் நிறுவனத்தில் அப்படி நடக்கவில்லை. முதல் ஒன்பது மாதமும் 200 பேர்தான் இருந்தார்கள். கடைசியில் வந்தவர்களை வருடத்தில் பாதிக் காலம் இருந்தவர்கள் போல எண்ணியதால் வகுக்கும் எண் ஊதிப்போய் விகிதம் மெலிந்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, சூத்திரம்தான் நிறுவனத்துக்குச் சாதகமாகப் பேசிவிட்டது.

மாதவாரி சராசரிக்கு வேலை கொஞ்சம் அதிகம். ஜனவரி 1 எண்ணிக்கையையும் 12 மாதங்களின் கடைசி நாள் எண்ணிக்கையையும் எடுத்தால் 13 எண்கள் கிடைக்கும். இங்கே 200 என்பது பத்து முறை, 400 என்பது மூன்று முறை. கூட்டினால் 3,200, அதை 13-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 246. சம்பளப் பட்டியல் மாதாமாதம் ஓடுகிற இடத்தில் இந்த எண்கள் எப்படியும் கைவசம் இருக்கும். எக்செலில் ஒரே வரி:

```
=COUNTIFS(D:D,">="&F1,D:D,"<="&F2)/AVERAGE(H2:H14)
```

D பத்தியில் ஒவ்வொருவரின் கடைசி வேலை நாள், F1, F2-இல் வருடத்தின் தொடக்க, இறுதித் தேதிகள், H பத்தியில் அந்த 13 எண்கள். D-யில் பேப்பர் போட்ட தேதி இருக்கக் கூடாது என்பதைக் கவனிக்கவும். நோட்டீஸ் காலத்தில் இருப்பவர் இன்னும் பணியாளர்தான். டிசம்பர் 31-ஐக் கடைசி நாளாகக் கொண்டவர் வெளியேறியவர் பட்டியலில் வருகிறார் என்றால், அன்றைய இறுதி எண்ணிக்கையில் இருக்கக் கூடாது. வருட முடிவில் இரண்டு பட்டியலும் இடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சரிபார்க்க வழி எளிது: தொடக்கம், கூட்டல் சேர்ந்தவர்கள், கழித்தல் போனவர்கள், சமம் முடிவு. நம் கணக்கில் 200 + 260 − 60 = 400. ஒருவர் இடித்தாலும் தேடிக் கண்டுபிடித்த பிறகே விகிதம் போட வேண்டும்.

வருடத்தில் எண்ணிக்கை எகிறினாலோ சரிந்தாலோ மூன்றில் நான் எடுப்பது மாதவாரி சராசரியைத்தான். ஆனால் வெளியே தரும் அறிக்கையின் விதிமுறை வேறு சூத்திரம் கேட்டால் அதைத்தான் தர வேண்டும், கூடவே எந்த முறை என்று ஒரு வரி எழுத வேண்டும். போன வருடம் ஒரு முறை, இந்த வருடம் வேறு முறை என்று போட்டுவிட்டு ‘அட்ரிஷன் குறைந்தது’ என்று எழுதுவதுதான் மன்னிக்க முடியாதது.

சரி, 24.4% வந்துவிட்டது. இதற்கு என்ன அர்த்தம்? அந்த 60 பேரைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு அர்த்தமும் இல்லை. தானாக ராஜினாமா செய்தவர்கள் 41, ஒப்பந்தம் முடிந்தவர்கள் 9, நீக்கப்பட்டவர்கள் 6, ஓய்வு பெற்றவர்கள் 4 என்று வைத்துக்கொள்வோம். ராஜினாமாவை மட்டும் எடுத்தால் 16.7%. ஜிஆர்ஐ 401 போன்ற அறிக்கைத் தரங்களின் விளக்கத்தில் ராஜினாமா, பணிநீக்கம், ஓய்வு, பணியில் இருக்கும்போது மரணம் எல்லாமே சேரும். அதனால் வெளியே தரும் எண்ணும் உள்ளே நிர்வாகம் பார்க்கும் எண்ணும் வேறாக இருப்பதில் தப்பில்லை, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால் போதும்.

ராஜினாமாவா இல்லையா என்பதை விட, போனவர்கள் எப்போது சேர்ந்தவர்கள் என்ற கேள்விதான் அதிகம் பேசும். ஜனவரி 1 அன்று இருந்த 200 பேரில் போனவர்கள் 36. அதாவது 82% பேர் வருடம் முழுவதும் இருந்திருக்கிறார்கள். மீதி 24 பேரும் காலியிடம் நிரப்ப வருட நடுவில் எடுத்த 60 பேரில் இருந்து போனவர்கள். அக்டோபர் அணியில் இன்னும் யாரும் நகரவில்லை. 60-இல் 24 என்றால் 40%. அதுவும் சிலர் சேர்ந்தே சில வாரங்கள்தான் ஆகின்றன.

பழையவர்கள் நிலையாக இருக்கிறார்கள், புதியவர்கள் நிற்பதில்லை. 24.4% என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் சம்பள உயர்வு பற்றி யோசித்தால் பணம் இடம் மாறிப் போகும். பார்க்க வேண்டியது நேர்முகத்தில் சொன்ன வேலையும் வந்த பிறகு கொடுத்த வேலையும் ஒன்றா, முதல் சில மாதங்களில் அவர்களை யார் கவனித்தார்கள் என்பதைத்தான். விகிதம் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும், காரணத்தை அது சொல்லாது.

ஒரு மாத எண்ணைப் பன்னிரண்டால் பெருக்கி வருட விகிதம் போடுவதையும் நம்பக் கூடாது. போனஸ் கைக்கு வந்த மாதத்தில் 200 பேரில் 8 பேர் போனால் அது 4%, பெருக்கினால் 48%. அடுத்த மாதமே ஒருவர்தான் போகலாம். ஆறு பேர் உள்ள பிரிவில் இருவர் போனால் 33% என்று சிவப்பு நிறத்தில் போடுவதும் இதே ரகம். அங்கே ‘ஆறில் இருவர்’ என்று எழுதிவிடலாம்.

இதே நிறுவனத்தின் அடுத்த வருடத்தையும் இப்போதே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 அக்டோபர்காரர்களில் முந்தைய புதியவர்கள் போலவே 40% போனால் 80 பேர், மற்ற 200 பேரில் இந்த வருடம் போலவே 18% போனால் 36 பேர். அடுத்த வருடம் புதிதாக எடுப்பவர்களில் போகிறவர்களைச் சேர்க்காமலே மொத்தம் 116. சராசரி எண்ணிக்கை 400-லேயே நின்றால் விகிதம் 29%. எந்தக் குழுவும் முன்பை விட வேகமாகப் போகவில்லை, புதியவர்களின் பங்கு கூடியது, அவ்வளவுதான். இதை இந்த வருட அறிக்கையிலேயே ஒரு பத்தியாக எழுதி வைக்காவிட்டால், அடுத்த ஜனவரியில் ‘24 எப்படி 29 ஆனது’ என்று விளக்கம் கேட்டு எச்ஆருக்கு மெயில் வரும்.