பத்து லிட்டர் ட்ரோனோடு இரண்டரை வருடம்: மன்னார்குடிப் பக்கத்து அனுபவம்

மன்னார்குடியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று கேமரா ட்ரோன் பறக்கவிட்டுப் பழக்கம் இருந்ததால், மருந்தடிக்கிற ட்ரோனும் நமக்குச் சுலபமாக வந்துவிடும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். பறக்கவிடுவது சுலபமாகத்தான் வந்தது. மற்றது எதுவும் வரவில்லை. வாங்கலாமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள், அதனால் கணக்கோடு எழுதிவிடுகிறேன்.

முதலில் காகிதம். பத்து லிட்டர் டேங்க் ட்ரோன், தண்ணீரும் பேட்டரியும் சேர்த்து 25 கிலோவுக்குள் நிற்கும். 2021 ட்ரோன் விதிகளின்படி 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை ‘சிறு’ வகை. இதை ஓட்ட, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்து பைலட் சான்றிதழ் வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறி 18 வயது நிரம்பியிருந்தால் போதும், சான்றிதழ் 10 வருடம் செல்லும். நான் ஒரு வாரம் தங்கிப் படித்தேன், ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. வண்டிக்கு நம்பர் மாதிரி ட்ரோனுக்கும் தனி அடையாள எண் வேண்டும். வகைச் சான்று இல்லாத மாடலை வாங்கினால் அந்த எண்ணே கிடைக்காது, மானியமும் கிடைக்காது. விலை குறைவு என்று யாராவது உதிரியாகப் பூட்டிக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள்.

பறக்கும் இடத்தையும் அரசின் ட்ரோன் வரைபடத்தில் பார்க்க வேண்டும். பயிருக்கு மேல் பத்தடி உயரத்தில்தானே போகிறோம், யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைப்போம். ஆனால் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், அனுமதி இல்லாமல் ஓரடி கூட எழும்பக் கூடாது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால், அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து கூப்பிட்டால் நான் வரைபடத்தைப் பார்க்காமல் சரி சொல்வதில்லை.

போட்டோ எடுக்கிற பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. கல்யாண மண்டபங்களில் நாம் பார்ப்பதில் பெரும்பாலானவை எப்படியோ வந்த வெளிநாட்டுச் சாமான்தான். என்னிடம் இருந்ததும் அதுதான், கூச்சத்தோடுதான் சொல்கிறேன். இன்று ஊருக்கு நாலு பேரிடம் ட்ரோன் இருக்கிறது, ஆல்பத்துக்குள் இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். தனித் தொழிலாக அது எனக்கு ஓடவில்லை.

இனி மருந்தடிப்பு. ட்ரோன், நாலு செட் பேட்டரி, ஒரு சார்ஜர் எல்லாம் சேர்த்து எனக்கு 6 லட்சத்து 40 ஆயிரம் ஆனது. வேளாண் இயந்திர வாடகை மையம் வைப்பவர்களுக்கு 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம் வரை என்றும், விவசாயப் பட்டதாரி என்றால் 50 சதவீதம், 5 லட்சம் வரை என்றும் மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் உண்டு. ட்ரோனோடு கூட ஜெனரேட்டர், பழைய லோடு வண்டியும் வேண்டியிருந்தது. விற்றவர் சொன்ன கணக்கு: ஏக்கருக்கு எட்டு நிமிஷம், ஒரு நாளைக்கு 25 ஏக்கர். எட்டு நிமிஷம் உண்மைதான். 25 ஏக்கரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

ஏன் என்று புரிய எனக்கு ஒரு குறுவை முழுக்கத் தேவைப்பட்டது. ஒரு செட் என்றால் இரண்டு பேட்டரி. பத்து லிட்டரோடு கிளம்பினால் ஒரு ஏக்கர் அடித்துவிட்டு இறங்கும்போது செட் தீர்ந்திருக்கும். மாற்றுவது, மருந்து ஊற்றுவது எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 12 நிமிஷம். நாலு செட்டும் 48 நிமிஷத்தில் காலி. ஆனால் ஒரு செட் ஏற நாற்பது நிமிஷம் ஆகும். ஒரே சார்ஜர் இருந்தால் முதல் நாலு ஏக்கருக்கு அப்புறம் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு ஏக்கர்தான். வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இறங்கின சூட்டோடு பேட்டரியைச் சார்ஜில் போட்டாலும் கெட்டுப்போகும், ஆற விட வேண்டும். இரண்டாவது சார்ஜர் வாங்கினபிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடிக்கிற நேரமும் குறைவு. காலை ஆறிலிருந்து பத்து, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. நடுப்பகலில் காற்றும் வெயிலும் சேர்ந்து, பனி மாதிரி விழுகிற மருந்தைப் பயிருக்குப் போகவிடாது. ஆக ஆறு மணி நேரம். அதிலும் நம் டெல்டாவில் ஒருத்தருக்கு இங்கே இரண்டு மா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு மா என்று கிடக்கும். மூன்று மா ஒரு ஏக்கர். ஒரு மா அடித்துவிட்டு வண்டியைச் சுற்றிக் கொண்டுபோய் அடுத்த மாவுக்கு நிறுத்துவதற்குள் அரை மணி போய்விடும். நடுவில் கரண்ட் கம்பி, வரப்போரத் தென்னை.

முதல் வருட சம்பாவில் நீடாமங்கலம் பக்கம் ஒரு நாள் எழுதி வைத்த கணக்கு இது. இலைச்சுருட்டுப்புழுவுக்கு அடித்தோம். 14 ஏக்கர், ஏக்கருக்கு 550 ரூபாய், வரவு 7,700. உதவிக்கு இரண்டு பேர் 1,400. ஊரில் வயல் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட்டுக்கு ஏக்கருக்கு 50 வீதம் 700. வண்டிக்கு டீசல் 600, ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் 700. கையில் 4,300 நிற்கிறது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். பேட்டரியை மறந்துவிட்டேன். ஒரு செட் 44,000 ரூபாய். என் அனுபவத்தில் 220 தடவை பறந்தபின் அதை நம்பி ஏக்கர் முழுக்கப் போக முடியாது. அதாவது ஒரு தடவை எழும்பினால் 200 ரூபாய் ஆவியாகிறது. பதினாலு தடவைக்கு 2,800. மிச்சம் 1,500. அதில்தான் கடன் தவணை, இன்சூரன்ஸ், நாசில், உடைகிற இறக்கை எல்லாம்.

பேட்டரி தளர்வதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், சார்ஜர் திரையில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் தெரியும். புதிதில் எல்லாம் ஒட்டினாற்போல் இருக்கும். ஒரு செல் மட்டும் எப்போதும் பின்தங்கினால் அந்த ஜோடியைத் தனியாக எடுத்துவையுங்கள். நான் கவனிக்காமல் விட்டு, டேங்கில் இன்னும் மூன்று லிட்டர் இருக்கும்போதே ட்ரோன் திரும்பி வந்து வாய்க்கால் சேற்றில் இறங்கியது.

இப்போது ஆறு செட் வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் ராத்திரியே வீட்டில் ஏற்றிக்கொள்கிறேன். வயலில் மோட்டார் கொட்டகை கரண்டில் போட்டுக்கோ என்று விவசாயிகள் அன்பாகச் சொல்வார்கள். அது பாசனத்துக்கு என்று கொடுத்த இலவச மின்சாரம், வேண்டாம். இரண்டாவது மாற்றம், ஒட்டினாற்போல் ஒரு வேலி, அதாவது இருபது மா சேர்ந்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வயல்காரர்களை அவர்களே பேசிச் சேர்க்கிறார்கள், ஏஜென்ட் தேவையில்லை. இப்படி ஒரு நாள் 18 ஏக்கர் போனால், 600 வீதம் 10,800. ஆள் 1,400, எரிபொருள் 1,500, பேட்டரி 3,600. மிச்சம் 4,300, இது நிஜமான 4,300. ஆனால் மழை, காற்று போக வருடத்தில் எனக்குப் பறக்கக் கிடைத்தது 84 நாள், எல்லா நாளும் 18 ஏக்கர் நாளும் இல்லை.

அடுத்தது, ட்ரோன் எதற்கு ஆகாது என்பது. இதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் போகும். நாம் அதே அளவு மருந்தைப் பத்து லிட்டரில் கலக்கிறோம். குளோரான்ட்ரானிலிப்ரோல் ஏக்கருக்கு 60 மில்லி என்றால் இங்கேயும் 60 மில்லிதான், தண்ணீர்தான் குறைகிறது. இலைச்சுருட்டுப்புழு மேல் இலையில் இருப்பதால் இது நன்றாகக் கேட்கிறது. புகையான் அப்படியில்லை. அது தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும்.

அந்த முதல் வருட சம்பாவில் கதிர் பால் பிடிக்கிற நேரம், தெரிந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். “தம்பி, புகையான் இறங்கிடுச்சு, சட்டுன்னு வந்து அடிச்சுக் குடு.” போய் அடித்தேன். மேலே இருந்து பார்க்கப் பயிர் முழுக்க நனைந்த மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் அவர் போன் செய்தார், குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால் வயல் நடுவே வட்டம் வட்டமாகத் தீய்ந்து வைக்கோல் நிறத்தில் நின்றது. ஒரு தூரைப் பிரித்து உள்ளங்கையில் தட்டினேன். கொசு மாதிரி பழுப்புப் பூச்சிகள் உயிரோடு நெளிந்தன. அடர்ந்த பயிரில் எங்கள் பத்து லிட்டர் மேல் இலையோடு நின்றுவிட்டது. அப்புறம் அவர் தண்ணீரை வடித்து, பயிரை இரண்டு பக்கமும் ஒதுக்கி எட்டடிக்கு ஒரு பட்டம் பிரித்து, ஆள் வைத்துத் தூரில் படும்படி கையால் அடித்தார். நான் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் பாதிதான் வாங்கினார். இப்போது புகையான் என்று யார் கூப்பிட்டாலும், “கைத்தெளிப்பான் ஆளைக் கூப்பிடுங்க மாமா” என்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்திலேயே, வட்டம் விழுவதற்கு முன், பட்டம் பிரித்த வயலாக இருந்தால் மட்டும், தண்ணீரைக் கூட்டி இரண்டு தடவையாக அடிக்கிறேன்.

களைக்கொல்லியும் அப்படித்தான். கோடையில் நெல்லுக்குப் பக்கத்தில் பருத்தி நிற்கும். 2,4-டி தூறல் காற்றில் மிதந்து போனாலே பருத்தி இலை விரல் விரலாகச் சுருங்கிவிடும். எனக்கு ஒரு தடவை அரை மா அளவுக்கு ஆகிவிட்டது. வரப்போரம் மட்டும்தான் என்று நான் சொன்னதை அந்த அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, நியாயம்தான், நஷ்டத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதிலிருந்து பக்கத்தில் பருத்தி, வாழை, மீன்குட்டை இருந்தால் களைக்கொல்லி எடுப்பதில்லை.

திறமை என்று கேட்டால், ரிமோட் பிடிக்கிற கைப்பழக்கம் பத்து நாளில் வந்துவிடும். மருந்து கலப்பதுதான் கஷ்டம். இவ்வளவு கெட்டியான கலவையில் இரண்டு மருந்தைச் சேர்த்தால் சில நேரம் தயிர் மாதிரி திரிந்துகொள்ளும். முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சமாகக் கலந்து கால் மணி நேரம் வைத்துப் பார்ப்பேன். திரிந்தால் சேர்ப்பதில்லை. வாய்க்கால் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், வண்டல் நாசிலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பக்கம் நாசில் அடைத்தால் பறக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, வாரம் கழித்து வயலில் கோடு கோடாகப் புழு தின்ன இடம்தான் காட்டிக்கொடுக்கும். நான் வீட்டுக் குழாய்த் தண்ணீரை டிரம்மில் ஏற்றிப் போகிறேன்.

இந்தக் குறுவைக்கு இரண்டு செட் புதிதாக வாங்க வேண்டும். பழையதில் ஒன்று வயிறு உப்பிவிட்டது. கொல்லையில் மணல் வாளிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன், அதை எப்போது வீட்டைவிட்டு வெளியேற்றப் போகிறாய் என்று அம்மா தினமும் கேட்கிறாள்.